ஸ்வாப் சோதனை: அறியாத இரு நிலைகளின் ஒப்பளவை ஒரு க்யூபிட்டில் படிப்பது

என்னவென்று தெரியாத இரண்டு குவாண்டம் நிலைகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று கண்டறிய உதவுவது ஸ்வாப் சோதனை. அந்த இரண்டில் எதையும் நேரடியாக அளக்க வேண்டியதில்லை. கூடுதலாக ஒரு க்யூபிட்டை வைத்து, அதைக் கொண்டு இரு நிலைகளையும் இடம் மாற்றி, கடைசியில் அந்த ஒரு க்யூபிட்டை மட்டும் அளந்தால் போதும். அது 0 என்று எத்தனை முறை வருகிறது, 1 என்று எத்தனை முறை வருகிறது என்ற விகிதத்திலேயே விடை அடங்கியிருக்கிறது.

க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. அதற்கு |0⟩, |1⟩ என்று இரண்டு அடிப்படை நிலைகள் உண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய நிலைகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒவ்வொரு நிலையையும் ஓரலகு நீளமுள்ள ஒரு திசையனாக எழுதலாம். இரண்டு நிலைகளின் ஒத்த தன்மை என்பது அந்த இரு திசையன்களின் புள்ளிப் பெருக்கலைப் பொறுத்தது. அந்தப் பெருக்கலின் அளவை இருமடியாக்கினால் கிடைக்கும் எண்ணே ஒப்பளவு. இங்கே அது F எனப்படும். இரண்டும் ஒரே நிலையானால் F = 1. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால், அதாவது |0⟩, |1⟩ போல முழுக்க வேறானால், F = 0. மற்ற எல்லா இணைகளும் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும்.

இரண்டையும் அளந்து பார்த்து ஒப்பிட்டுவிடலாமே என்று தோன்றும். குவாண்டம் உலகில் அது நடக்காது. ஒரு க்யூபிட்டை ஒருமுறை அளந்தால் 0 அல்லது 1 என்ற ஒற்றை விடைதான் கிடைக்கும்; அளந்த கணமே பழைய நிலை அழிந்துவிடும். அழிவதற்குமுன் பல நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. அறியாத நிலையைப் படியெடுக்க இயலாது என்பதை வில்லியம் வூட்டர்ஸும் வோய்சியெக் சூரெக்கும், தனியாக டென்னிஸ் டீக்ஸும் 1982-இல் நிறுவினர். ஒரே கருவி ஒரே நிலையை மீண்டும் மீண்டும் உண்டாக்கித் தருமானால், பல கோணங்களில் அளந்து நிலையின் முழு வடிவத்தையும் கணக்கிடலாம்தான். ஆனால் 10 க்யூபிட் கொண்ட ஒரு பொதுநிலையை அப்படி முழுமையாக வரைய, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைக் கண்டாக வேண்டும். தேவைப்படுவது F என்ற ஒரே எண். அதற்காக இவ்வளவு பெரிய வேலை செய்வது வீண். ஸ்வாப் சோதனை அந்த ஒரே எண்ணை நேராகத் தேடிச் செல்கிறது.

இதன் கரு 1997-இல் வெளியான ஒரு கட்டுரையில் இருக்கிறது. பாரென்கோ, டாய்ச், எக்கர்ட் உள்ளிட்ட அறுவர், குவாண்டம் கணிப்பில் நுழையும் பிழைகளைச் சமச்சீர் கொண்டு கட்டுப்படுத்தும் வழியை அதில் ஆராய்ந்தனர். இன்று பாடநூல்கள் தரும் வடிவில் இச்சோதனையைப் பரவலாக்கியவர்கள் ஹாரி பூர்மன், ரிச்சர்ட் கிளீவ், ஜான் வாட்ரஸ், ரோனால்ட் டி வுல்ஃப் ஆகிய நால்வர். குவாண்டம் கைரேகை பற்றிய அவர்களின் 2001-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு இச்சோதனை ஏன் தேவைப்பட்டது என்பது பின்னால் வரும்.

சோதனையின் சுற்று மிகச் சிறியது. துணைக் க்யூபிட் |0⟩ நிலையில் தொடங்குகிறது. அதன்மீது ஹாடமார்டு வாயில் செலுத்தப்படும். அது |0⟩-ஐ (|0⟩ + |1⟩)/√2 ஆகவும், |1⟩-ஐ (|0⟩ − |1⟩)/√2 ஆகவும் மாற்றும். அடுத்து வருவது கட்டுப்பாட்டு இடமாற்று வாயில். துணைக் க்யூபிட் 1 ஆனால் ஒப்பிடவேண்டிய இரண்டு நிலைகளையும் அது இடம் மாற்றும். 0 ஆனால் அப்படியே விட்டுவிடும். எட்வர்ட் ஃப்ரெட்கினின் பெயரால் ஃப்ரெட்கின் வாயில் என்று இது அழைக்கப்படுகிறது. அதன்பின் துணைக் க்யூபிட்டின்மீது இன்னொரு ஹாடமார்டு. கடைசியாக அதன் அளவீடு. அவ்வளவுதான்.

துணைக் க்யூபிட் முதல் ஹாடமார்டிலிருந்து வெளிவரும்போது 0, 1 இரண்டின் மேற்பொருந்திய நிலையில் இருப்பதால், இடமாற்று வாயிலும் மாற்றிய இணை, மாற்றாத இணை என்ற இரண்டையும் சேர்த்தே உண்டாக்குகிறது. இரண்டாவது ஹாடமார்டு இவ்விரண்டையும் கூட்டி 0 என்ற கிளையிலும், கழித்து 1 என்ற கிளையிலும் வைக்கிறது. இதற்குமேல் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதே தெளிவு தரும்.

முதல் நிலை |0⟩ என்றும், இரண்டாம் நிலை |+⟩, அதாவது (|0⟩ + |1⟩)/√2, என்றும் கொள்வோம். இந்த இரு திசையன்களுக்கும் இடையே 45 பாகைக் கோணம்; புள்ளிப் பெருக்கல் 1/√2; ஆகவே F = 1/2. இதைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கலாம். தொடக்கத்தில் மொத்த அமைப்பு |0⟩|0⟩|+⟩. இதில் முதலில் நிற்பது துணைக் க்யூபிட். முதல் ஹாடமார்டுக்குப் பின் அது (|0⟩|0⟩|+⟩ + |1⟩|0⟩|+⟩)/√2 ஆகிறது. இடமாற்று வாயில் இரண்டாவது உறுப்பை மட்டும் தொடும்: (|0⟩|0⟩|+⟩ + |1⟩|+⟩|0⟩)/√2. கடைசி ஹாடமார்டுக்குப் பின் கிடைப்பது இது:

½ |0⟩ ( |0⟩|+⟩ + |+⟩|0⟩ ) + ½ |1⟩ ( |0⟩|+⟩ − |+⟩|0⟩ )

அடைப்புக்குள் இருப்பவற்றை விரித்து எழுதினால், கூட்டல் கிளையில் (2|00⟩ + |01⟩ + |10⟩)/√2 நிற்கும். அதன் நீளத்தின் இருமடி (4 + 1 + 1)/2 = 3. முன்னால் நிற்கும் ½ இருமடியாகி ¼ ஆவதால், துணைக் க்யூபிட் 0 காட்டும் நிகழ்தகவு 3/4. கழித்தல் கிளையில் |00⟩ உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, (|01⟩ − |10⟩)/√2 மட்டும் மிஞ்சும். அதன் நீளம் 1. ஆகவே 1 காட்டும் நிகழ்தகவு 1/4.

எந்த இரண்டு நிலைகளுக்கும் இதே கணக்கைப் பொதுவாகச் செய்தால் வரும் சூத்திரம்:

P(0) = 1/2 + F/2,   P(1) = 1/2 − F/2

மேலே கண்ட இணையில் F = 1/2 என்று இட்டால் 3/4-உம் 1/4-உம் கிடைக்கின்றன. திருப்பிச் சொன்னால், 0 வந்த விகிதத்திலிருந்து 1 வந்த விகிதத்தைக் கழித்தால் மிஞ்சுவது F.

இச்சூத்திரம் ஏன் இப்படி அமைகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். துணைக் க்யூபிட் இரண்டு நிலைகளில் எதையும் தனித்து விசாரிப்பதில்லை. இணையை இடம் மாற்றினால் அது மாறாமல் இருக்கிறதா, குறி மாறுகிறதா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. மாறாதிருப்பது சமச்சீர்ப் பகுதி; குறி மாறுவது எதிர்ச்சமச்சீர்ப் பகுதி. இரண்டு நிலைகளும் ஒன்றேயானால் இணைக்கு எதிர்ச்சமச்சீர்ப் பகுதியே கிடையாது. ஆகவே விடை எப்போதும் 0. முழுக்க வேறான நிலைகளானால் இரண்டு பகுதிகளும் சரிபாதி. இந்தச் சோதனையின் வலிமையும் அதன் குறைகளும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் ஒரு சாய்வு. பிழையில்லாத கருவியில், ஒரே தூய நிலையின் இரண்டு பிரதிகளைக் கொடுத்தால் 1 என்ற விடை வரவே வராது. எனவே ஒரே ஒருமுறை 1 வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். 0 வந்தால் அந்த உறுதி இல்லை. முழுக்க வேறான நிலைகளும் பாதி முறை 0 காட்டும். இரண்டும் ஒன்றே, அல்லது முற்றிலும் வேறே என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், புதுப்புதுப் பிரதிகளில் 10 முறை சோதித்து பத்தும் 0 ஆக வரும்போது, அது வேறான இணையாக இருந்து ஏமாற்றும் வாய்ப்பு 1024-இல் ஒன்று.

புதுப்புதுப் பிரதிகள் என்பது சும்மா சொன்னதல்ல. அளவீடு துணைக் க்யூபிட்டில் நடந்தாலும் அதன் விளைவு இணையையும் பிடித்துக்கொள்கிறது. மேற்கண்ட கணக்கில் 1 வந்துவிட்டால், கைவசம் இருப்பது |0⟩-உம் |+⟩-உம் அல்ல. (|01⟩ − |10⟩)/√2 என்ற பின்னிய நிலை. அதில் எந்த ஒரு க்யூபிட்டுக்கும் தனக்கென்று ஒரு நிலை கிடையாது. 0 வந்தாலும் இணை பின்னித்தான் போகிறது. F சரியாக 1 ஆக இல்லாதபோது முந்தைய நிலைகள் திரும்பக் கிடைப்பதில்லை. அதே இணைமீது சோதனையை மறுபடி ஓட்டினால் முதலில் வந்த விடையே திரும்பத் திரும்ப வரும். ஏனென்றால் இணை ஏற்கெனவே சமச்சீர் அல்லது எதிர்ச்சமச்சீர்ப் பகுதிக்குள் விழுந்துவிட்டது. புதிதாக எதுவும் தெரியவராது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரு நிலைகளையும் புதிதாக உண்டாக்கியாக வேண்டும்.

கிஸ்கிட் நிரல் நூலகத்தில் இந்த எடுத்துக்காட்டை எழுதினால் ஆறேழு வரிகளில் முடிந்துவிடும். 0 என எண்ணிட்டது துணைக் க்யூபிட். 1-ஆம் க்யூபிட் |0⟩ ஆகவே இருக்க, 2-ஆம் க்யூபிட் ஹாடமார்டு மூலம் |+⟩ ஆகிறது.

```python
from qiskit import QuantumCircuit
qc = QuantumCircuit(3, 1)
qc.h(2)
qc.h(0)
qc.cswap(0, 1, 2)
qc.h(0)
qc.measure(0, 0)
```

இதை 1000 முறை ஓட்டினால் ஏறத்தாழ 750 முறை 0 வரும். ஏறத்தாழ என்பதன் அளவையும் கணக்கிடலாம். F-இன் மதிப்பீட்டில் உள்ள திட்டப் பிழை √((1 − F²)/N). இதில் N என்பது ஓட்டங்களின் எண்ணிக்கை. F = 1/2, N = 1000 என்றால் அது சுமார் 0.027. ஆகவே 736 முறை 0 வந்து F = 0.47 என்று கிடைத்தாலும், 764 முறை வந்து 0.53 என்று கிடைத்தாலும் வியப்பில்லை. பிழையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டுமானால் ஓட்டங்களை நூறு மடங்காக்க வேண்டும்.

இரண்டு நிலைகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது இந்தப் பிழை தானே சுருங்கிவிடும். சோதனை தன் முழுத்திறனுடன் வேலை செய்வது அங்கேதான். ஒப்பளவு மிகச் சிறியதாக இருக்கும்போது நிலைமை தலைகீழ். 10 க்யூபிட் கொண்ட இரண்டு நிலைகளை எதேச்சையாக எடுத்தால் அவற்றின் ஒப்பளவு சராசரியாக 1/1024. அப்போது 0 வரும் நிகழ்தகவு 0.5-க்கு மேல் 0.0005 அளவுக்குத்தான் உயரும். இந்த நூலிழை வேறுபாட்டைத் தற்செயல் ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்கவே பத்து இலட்சம் ஓட்டங்கள் வேண்டும். நம்பகமாகச் சொல்ல அதற்கு மேலும் வேண்டும். க்யூபிட்டுகள் கூடக்கூட இந்தச் சுமை அடுக்கடுக்காய்ப் பெருகும். துணைக் க்யூபிட் ஒன்றே ஒன்று என்பதை மட்டும் கண்டு இச்சோதனையை மலிவானது என்று எண்ணிவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். சுற்று எளிது, ஓட்டங்களின் எண்ணிக்கை எளிதல்ல.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. இதுவரை பேசியது தூய நிலைகளை. மெய்யான கருவிகளில் இரைச்சல் புகுந்து நிலைகள் கலப்பு நிலைகளாகிவிடும். அதாவது ஒரு நிலை இன்ன நிகழ்தகவோடு இது, இன்ன நிகழ்தகவோடு அது என்று மட்டுமே சொல்ல முடியும். கலப்பு நிலைகளை ρ, σ என்ற அணிகளால் குறிப்பது வழக்கம். அவற்றுக்கு இச்சோதனை அளப்பது Tr(ρσ), அதாவது இரண்டு அணிகளையும் பெருக்கி மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டிய எண். தூய நிலைகளுக்கு அது F-ஆகவே இருக்கும். கலப்பு நிலைகளுக்கு அது ஒத்த தன்மையை மட்டும் காட்டுவதில்லை. நிலைகளின் தூய்மையும் அதில் கலந்து வருகிறது.

முழுக்க இரைச்சலில் கரைந்துபோன ஒரு க்யூபிட்டை எடுத்துக்கொள்ளலாம்: பாதி நிகழ்தகவில் |0⟩, பாதி நிகழ்தகவில் |1⟩. அதே நிலையில் இன்னொரு க்யூபிட்டையும் வைத்து இரண்டையும் ஸ்வாப் சோதனைக்கு அனுப்பினால் Tr(ρσ) = 1/2; 0 வரும் நிகழ்தகவு 3/4. |0⟩, |+⟩ இணைக்குக் கிடைத்த அதே 3/4. ஒன்றில் இரண்டு நிலைகளும் மெய்யாகவே வேறு. மற்றதில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. துணைக் க்யூபிட் காட்டும் எண்ணை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. ஒரே நிலைக்கு எப்போதும் 0 வரும் என்ற உறுதி தூய நிலைக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறந்தால், ஒத்திருப்பவற்றை வேறு என்று தீர்ப்பளிக்க நேரும்.

இதற்கு மருந்தும் அதே சோதனையில்தான் இருக்கிறது. ρ-வின் இரண்டு பிரதிகளை ஒன்றோடொன்று சோதித்தால் Tr(ρ²) கிடைக்கும். இது ρ-வின் தூய்மை. அவ்வாறே σ-வின் தூய்மையையும் அளக்கலாம். பிறகு Tr(ρ²) + Tr(σ²) − 2Tr(ρσ) என்று கணக்கிட்டால், இரண்டும் ஒன்றேயானால் மட்டும் அது சுழியாகும். மேற்கண்ட இரைச்சல் இணைக்கு 1/2 + 1/2 − 1 = 0; ஆகவே இரண்டும் ஒன்றே. |0⟩, |+⟩ இணைக்கு 1 + 1 − 1 = 1; ஆகவே வேறு. ஒரு சோதனைக்குப் பதில் மூன்று சோதனைகள், ஆனால் தீர்ப்பு நேர்மையானது. மெய்யான கருவியில் கிடைக்கும் எண்ணைப் பொருள்கொள்ள விரும்பும் எவரும் இந்த மூன்றையும் சேர்த்தே செய்வது நல்லது.

நிலைகளில் புகுந்த இரைச்சல் ஒருபுறம் என்றால், சோதனைச் சுற்றிலேயே புகும் இரைச்சல் மறுபுறம். ஃப்ரெட்கின் வாயிலை இன்றைய கருவிகள் பலவற்றால் ஒரே அடியில் செய்ய முடியாது. அதை ஒரு சிநாட் வாயில், ஒரு டொஃபோலி வாயில், மறுபடி ஒரு சிநாட் என்று பிரிக்கவேண்டும். டொஃபோலி ஒன்றுக்கு ஆறு சிநாட் ஆகும். ஆகவே ஓர் இணைக்கு எட்டு சிநாட். ஒவ்வொரு நிலையிலும் 10 க்யூபிட் இருந்தால், பத்து இணைகளையும் ஒவ்வொன்றாக இடம் மாற்ற 80 சிநாட். ஒவ்வொன்றிலும் 0.5 விழுக்காடு பிழை என்று கொண்டால், எந்தப் பிழையும் நேராமல் சுற்று முடியும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். போதாததற்கு, ஒரே துணைக் க்யூபிட் எல்லா இணைகளோடும் பேசவேண்டும். அண்டை க்யூபிட்டுகளோடு மட்டும் இணைப்புள்ள சில்லுகளில் அதற்காகவே மேலும் இடமாற்றங்கள் சேரும்.

இத்தகைய இரைச்சல் பெரும்பாலும் 0 வரும் விகிதத்தைப் பாதியை நோக்கி இழுக்கும். அதாவது ஒப்பளவைக் குறைத்துக் காட்டும். அது எவ்வளவு என்று அறிய, விடை தெரிந்த இரண்டு இணைகளை முதலில் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒரே நிலையின் இரண்டு பிரதிகள் 1-ஐக் காட்டக்கூடாது. |0⟩, |1⟩ இணை சரிபாதி காட்டவேண்டும். ஒரே நிலைக்கு 0.90, வேறான நிலைக்கு 0.50 என்று வருவதாகவும், அறியாத இணைக்கு 0.70 வருவதாகவும் வைத்துக்கொள்ளலாம். சூத்திரத்தில் நேராக இட்டால் F = 0.40. இரைச்சலால் 0.50 முதல் 1 வரை இருக்கவேண்டிய அளவுகோல் 0.50 முதல் 0.90 வரை சுருங்கியிருப்பதைக் கணக்கில் எடுத்தால், 0.20/0.40, அதாவது F = 0.50. எல்லா நிலைகளையும் இரைச்சல் ஒரே மாதிரி பாதிக்கிறது என்ற எடுகோள் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

0 வரும் விகிதம் பாதிக்குக் கீழே இறங்கினால், அதுவும் புள்ளியியல் பிழையைத் தாண்டி இறங்கினால், அது கவனிக்கவேண்டிய எச்சரிக்கை. தனித்தனியே உண்டான இரண்டு நிலைகளுக்கு Tr(ρσ) ஒருபோதும் சுழிக்குக் கீழே போகாது. ஆகவே ஒன்று அளவீட்டுக் கருவி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அல்லது சுற்று தவறு, அல்லது இரண்டு நிலைகளும் உண்மையில் தனித்தனி அல்ல. (|01⟩ − |10⟩)/√2 போன்ற பின்னிய இணையை உள்ளே அனுப்பினால் ஒவ்வொரு முறையும் 1-தான் வரும். இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: நிலைகளை உண்டாக்கும் கருவி ஓட்டத்துக்கு ஓட்டம் தடுமாறினாலும், ஒரே ஓட்டத்தில் இரண்டு பிரதிகளும் ஒரே மாதிரி தடுமாறினால், விடை எப்போதும் 0 ஆகவே வந்து நிலை மிகத் தூய்மையானது போல் தோன்றும். அறியாத நிலைகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி உண்டாகவேண்டும் என்பதே இச்சோதனையின் அடிப்படை நிபந்தனை.

2001-ஆம் ஆண்டுக் கட்டுரை எழுப்பிய கேள்விக்கு இப்போது வரலாம். இருவரிடம் ஆளுக்கொரு நீண்ட பிட் வரிசை இருக்கிறது. இரண்டும் ஒன்றா என்று நடுவர் ஒருவர் சொல்லவேண்டும். இருவரும் தமக்குள் பேசக்கூடாது, பொதுவான தற்செயல் எண்களும் கிடையாது. நடுவருக்கு ஆளுக்கொரு செய்தி அனுப்பலாம். வரிசையின் நீளம் n என்றால், சாதாரண பிட்டுகளில் √n அளவுள்ள செய்தி தேவை என்று முன்பே நிறுவப்பட்டிருந்தது. பூர்மனும் மற்றவர்களும் log n அளவுள்ள க்யூபிட்டுகளே போதும் என்று காட்டினர். மாறிலிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், பத்து இலட்சம் பிட்டுக்கு √n 1000. Log n வெறும் 20.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிறிய குவாண்டம் நிலையைக் கைரேகையாக அவர்கள் வகுத்தனர். பிழைதிருத்தக் குறியீடுகளைப் பயன்படுத்தி, வெவ்வேறு வரிசைகளின் கைரேகைகளுக்கு ஒப்பளவு ஓர் எல்லைக்கு மேல் போகாதபடி அமைத்தனர். நடுவருக்கு அந்தக் கைரேகைகள் என்னவென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். ஸ்வாப் சோதனை செய்தால் போதும். ஒப்பளவின் எல்லை 1/4 என்று கொண்டால், வேறான வரிசைகள் ஒரு சோதனையில் 0 காட்டும் வாய்ப்பு அதிகபட்சம் 5/8. பத்துப் பிரதிகளில் பத்து சோதனை செய்து எல்லாவற்றிலும் 0 வரும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் கீழ். ஒரே வரிசையானால் எப்போதும் 0 என்பதால், 1 என்று ஒருமுறை கண்டவுடன் நடுவர் வேறு என்று சொல்லிவிடலாம். சோதனையின் ஒருபக்கச் சாய்வு இங்கே குறையாக இல்லை. சிக்கலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

ஒப்பளவு மட்டும் தேவை, இணை பிழைத்திருக்க வேண்டியதில்லை என்றால் துணைக் க்யூபிட்டையே விட்டுவிடலாம். ஒளியில் இது இயல்பாகவே நடக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு ஃபோட்டான்கள் பாதி ஒளியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் கண்ணாடியின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால், இரண்டும் எப்போதும் ஒரே வழியாகவே வெளியேறும். 1987-இல் ஹாங், ஓ, மேண்டல் மூவரும் இதை ஆய்வகத்தில் கண்டனர். ஃபோட்டான்கள் வேறுபட வேறுபட, இரு வழிகளிலும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியேறுவது கூடும். இந்த விளைவும் ஸ்வாப் சோதனையும் ஒன்றுக்கொன்று சமமானவை என்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் கார்சியா எஸ்கார்ட்டினும் சமோரோ போசாடாவும் 2013-இல் காட்டினர். அதிலிருந்து வரும் சுற்று மிகச் சிக்கனமானது. ஒவ்வோர் இணைக்கும் ஒரு சிநாட், ஒரு ஹாடமார்டு. பிறகு எல்லாவற்றையும் அளந்துவிடவேண்டும். இரண்டு பிட்டும் 1 ஆக வந்த இணைகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் அந்த ஓட்டத்தின் விடை 1, இரட்டைப்படையானால் 0. பத்து இணைகளுக்கு 80 சிநாட்டுக்குப் பதில் 10 போதும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யலாம். இன்றைய இரைச்சல் மிக்க கருவிகளில் ஒப்பளவை மட்டும் அளப்பவர்கள் இவ்வழியையே நாடுவது சரியானது.

நிலைகளை உண்டாக்கும் சுற்றுகள் தெரிந்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. முதல் நிலையின் சுற்றை ஓட்டி, அதன்மேல் இரண்டாம் நிலையின் சுற்றைத் தலைகீழாக ஓட்டினால், எல்லா க்யூபிட்டும் 0 காட்டும் நிகழ்தகவே F. இதில் 1/1024 போன்ற சிறு ஒப்பளவைக் காணச் சில ஆயிரம் ஓட்டங்களே போதும். ஸ்வாப் சோதனைக்கு இலட்சங்கள் தேவைப்பட்ட இடம் அது. ஆனால் இங்கே நிலைகள் அறியாதவை அல்ல. வேறொருவர் அனுப்பிய கைரேகைக்கோ, ஆய்வுக்குள்ளான பொருளிலிருந்து வெளிவரும் நிலைக்கோ தலைகீழாக ஓட்டச் சுற்று எதுவும் கையில் இல்லை.

துணைக் க்யூபிட் வைத்த மூல வடிவம் இன்றும் இன்றியமையாததாக இருப்பது, சோதனைக்குப் பின்னும் இணையை வைத்துக்கொண்டு கணிப்பைத் தொடரவேண்டிய இடங்களில். அளப்பது துணைக் க்யூபிட்டை மட்டும் என்பதால், 0 வந்த ஓட்டங்களில் சமச்சீர்ப் பகுதியில் நிற்கும் இணை கைவசம் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டுக் கட்டுரை நாடியது இதையே: ஒரே கணிப்பைப் பல பிரதிகளில் நடத்தி, அவ்வப்போது சமச்சீரா என்று சோதித்தால், ஒரு பிரதியில் மட்டும் புகுந்த சிறு பிழை சமச்சீரைக் கெடுக்கும்; 0 வரும்போதெல்லாம் அந்தப் பிழையின் ஒரு பங்கு நீங்கிவிடும்.